வளையக் குழாய், செவ்வகக் கால்வாய்: ஹைட்ராலிக் விட்டம் கண்டு சரியான லேமினார் நசெல்ட் எண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு சின்ன எண்ணெய் சூடாக்கி. குழாய்க்குள் குழாய். உள்குழாயில் நீராவி, இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியில் எண்ணெய். 74 டிகிரியில் நுழையும் எண்ணெய் எத்தனை டிகிரியில் வெளியே வரும் என்பதுதான் கேள்வி. என் முதல் கணக்கு 76.3 என்றது. இரண்டாவது கணக்கு 77.6, மூன்றாவது 78.9. ஓட்டிப் பார்த்தால் வெப்பமானி 81-ஐத் தாண்டி நின்றது. குழாய் அதே குழாய், எண்ணெயும் அதே எண்ணெய். மாறியதெல்லாம் நான் போட்ட விட்டமும் நசெல்ட் எண்ணும்தான்.

எங்கே சறுக்கினேன் என்று கண்டுபிடிக்க எனக்குப் பல நாள் பிடித்தது. அதே கணக்கை இப்போது முதன்முறையாகப் போடுபவர்கள் ஒரே உட்காரலில் முடிக்கட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன். வளையக் குழாயை முழுவதும் போட்டுக் காட்டுகிறேன். செவ்வகக் கால்வாய்க்கு எங்கே வேறுபடும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.

## 1. கணக்குக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

குழாய் வரைபடம் வேண்டும். அதில் உள்குழாயின் வெளிவிட்டத்தையும் வெளிக்குழாயின் உள்விட்டத்தையும் எடுங்கள். எண்ணெய் தொடுவது இந்த இரண்டு பரப்புகளைத்தான். கடையில் சொல்லும் பெயரளவு விட்டத்தை எடுத்தால் இடைவெளியே தப்பாகிவிடும், 2.5 மி.மீ. இடைவெளியில் அரை மி.மீ. பிசகுவது ஐந்தில் ஒரு பங்கு பிசகுவதற்குச் சமம்.

அடுத்து, திரவத்தின் பண்புகள்: அடர்த்தி, தன்வெப்பம், பாகுநிலை, வெப்பக் கடத்துதிறன். நான்கையும் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவிலுள்ள சராசரி வெப்பநிலையில் எடுக்க வேண்டும். எண்ணெயின் பாகுநிலை சில பத்து டிகிரியிலேயே பாதியாகிவிடும் என்பதால் 20 டிகிரிக்கான தரவுத்தாள் இங்கே உதவாது.

மூன்றாவது, பலரும் எழுதி வைக்காத ஒரு தகவல்: எந்தச் சுவர் சூடாகிறது, எது காப்பிடப்பட்டிருக்கிறது, சூடான சுவரில் நிலையாக இருப்பது வெப்பநிலையா வெப்பப் பாய்வா? இதை ஒரு வரியில் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். நசெல்ட் எண்ணைத் தீர்மானிக்கப்போவது இந்த வரிதான்.

என் சூடாக்கியின் விவரம் இது:

```
உள்குழாய் வெளிவிட்டம்     Di = 0.020 m
வெளிக்குழாய் உள்விட்டம்    Do = 0.025 m
நீளம்                      L  = 1 m
எண்ணெய் ஓட்டம்             m  = 0.02 kg/s
350 K-இல், SI அலகுகளில்: rho = 854, cp = 2118, mu = 0.0356, k = 0.138, Pr = 546
உள்சுவர் 100 °C நிலையானது; வெளிச்சுவர் காப்பிடப்பட்டது
```

நீராவி உள்ளே சுருங்கி நீராகும்போது அந்தப் பக்க வெப்பத் தடை எண்ணெய்ப் பக்கத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. அதனால் சுவரை 100 டிகிரியில் நிலையாக எடுத்துக்கொள்ளலாம்.

## 2. ஹைட்ராலிக் விட்டம்: நனையும் சுவர் எல்லாம் கணக்கில் வரும்

வரையறை எளிது. ஓட்டப் பரப்பை நான்கால் பெருக்கி, நனையும் சுற்றளவால் வகுக்க வேண்டும்.

```
பொது:      Dh = 4A / P
செவ்வகம்:  Dh = 2ab / (a + b)
வளையம்:    Dh = Do - Di
```

வளையத்தில் சுற்றளவு என்பது உள்சுவர், வெளிச்சுவர் இரண்டையும் சேர்த்தது. அதைப் போட்டுச் சுருக்கினால் விட்டங்களின் வித்தியாசம்தான் மிஞ்சும். எனக்கு 5 மி.மீ.

என் முதல் சறுக்கல் இங்கேதான். வெளிச்சுவரில் வெப்பமே போகாதபோது அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று நினைத்து, சூடாகும் உள்சுவரின் சுற்றளவை மட்டும் போட்டேன். அப்படிப் போட்டால் விட்டம் 11.25 மி.மீ. ஆகிவிடும். வெப்பப் பரிமாற்றிகளுக்கான பழைய கணக்குமுறை ஒன்றில் இந்த விட்டம் உண்மையிலேயே உண்டு. அந்த முறைக்கென்று தனிச் சமன்பாடுகள் இருக்கின்றன; அவற்றோடு சேர்த்தால் அது சரி. ஆனால் நாம் எடுக்கப்போகும் லேமினார் அட்டவணைகள் எல்லாம் நனையும் சுற்றளவை வைத்துக் கட்டியவை. ஓரிடத்து விட்டத்தை இன்னோரிடத்து நசெல்ட் எண்ணோடு சேர்த்ததால் என் வெப்பப் பரிமாற்றக் கெழு இரண்டேகால் மடங்கு குறைந்தது. 76.3 என்ற விடை அப்படி வந்ததுதான்.

சூடாகும் சுவர் மட்டும் வரும் இடம் வேறு. கடைசியில் வெப்பத்தைக் கணக்கிடும்போது பரப்பளவாகச் சூடான சுவரின் பரப்பை மட்டும் போட வேண்டும். விட்டத்துக்கு எல்லாச் சுவரும், பரப்புக்குச் சூடான சுவர் மட்டும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

## 3. ஓட்டம் லேமினார்தானா என்று பாருங்கள்

ஓட்டப் பரப்பு 176.7 சதுர மி.மீ., வேகம் விநாடிக்கு 0.13 மீட்டர். ரெய்னால்ட்ஸ் எண் 15.9 வருகிறது. 2300-க்கு வெகு கீழே, ஐயமே இல்லை.

இந்தப் படியில் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொந்தளிப்பான ஓட்டத்தில் ஹைட்ராலிக் விட்டத்தைப் போட்டு, வட்டக் குழாய்ச் சமன்பாட்டையே செவ்வகத்துக்கும் வளையத்துக்கும் பயன்படுத்தினால் விடை ஓரளவு சரியாக வரும். சுழல்கள் திரவத்தைக் கலக்கிவிடுவதால் குழாயின் வடிவம் பெரிதாகப் பாதிப்பதில்லை. லேமினாரில் கலக்க எதுவும் இல்லை. வெப்பம் அடுக்கு அடுக்காகக் கடத்தப்பட்டே உள்ளே போக வேண்டும். அது எவ்வளவு தூரம், எந்தப் பக்கமிருந்து என்பதை வடிவம்தான் முடிவு செய்கிறது. ஆகவே ஹைட்ராலிக் விட்டம் சரியாக இருந்தாலும், வட்டக் குழாயின் 3.66-ஐயோ 4.36-ஐயோ இங்கே கொண்டுவந்து போடக் கூடாது. என் இரண்டாவது விடையான 77.6, 3.66-ஐப் போட்டதால் வந்தது.

## 4. வளையத்துக்கான நசெல்ட் எண்

இப்போது தலைப்பில் எழுதி வைத்த வரியைப் பாருங்கள். ஒரு சுவர் நிலையான வெப்பநிலையில், மற்றது காப்பிட்டது என்றால், முழுதாக வளர்ந்த ஓட்டத்துக்கு அட்டவணை இப்படி இருக்கும்:

| Di/Do | உள்சுவர் சூடு | வெளிச்சுவர் சூடு |
|---|---|---|
| 0.05 | 17.46 | 4.06 |
| 0.10 | 11.56 | 4.11 |
| 0.25 | 7.37 | 4.23 |
| 0.50 | 5.74 | 4.43 |
| 1.00 | 4.86 | 4.86 |

விகிதம் 0.1 என்ற வரியைப் பாருங்கள். அதே குழாய், அதே ஹைட்ராலிக் விட்டம். சூடாக்கும் சுவர் மாறினால் எண் ஏறக்குறைய மூன்று மடங்கு மாறுகிறது. மெல்லிய கம்பி போன்ற உள்சுவரிலிருந்து வெப்பம் எல்லாப் பக்கமும் விரிந்து பரவ முடிகிறது, அதனால்தான். நெடுவரிசை மாற்றி எடுப்பதுதான் இந்த அட்டவணையில் ஆகப் பெரிய பொறி.

என் விகிதம் 0.8. அட்டவணையில் 0.5-க்கும் 1-க்கும் நடுவே எதுவும் இல்லை. நேர்கோட்டு இடைக்கணிப்பு 5.21 தருகிறது. கையேடுகளில் வரும் எளிய சமன்பாடு ஒன்றும் உண்டு:

```
உள்சுவர் சூடு:     Nu = 3.66 + 1.2 (Di/Do)^(-0.8)
வெளிச்சுவர் சூடு:  Nu = 3.66 + 1.2 (Di/Do)^(0.5)
```

இதில் 5.09 வருகிறது. இரண்டு சதவீத வித்தியாசத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம், 5.09 என்றே வைத்துக்கொள்வோம். சரிதானா என்று பார்க்க ஒரு வழி: விகிதம் 1-ஐ நெருங்கும்போது வளையத்தை வெட்டி விரித்தால் அது இரண்டு இணைத்தட்டுகள்தான். அதில் ஒரு தட்டு மட்டும் சூடானால் 4.86. நம் 5.09 அதற்குச் சற்று மேலே நிற்கிறது. நிற்க வேண்டிய இடம் அதுவே.

உங்கள் சுவரில் நிலையாக இருப்பது வெப்பப் பாய்வு என்றால், உதாரணமாக மின்சூடாக்கி சுற்றிய குழாய் என்றால், இந்த அட்டவணை வேண்டாம். அதற்கு வேறு எண்கள்: விகிதம் 0.8-இல் உள்சுவர் சூட்டுக்கு 5.58.

## 5. உங்களுடையது செவ்வகக் கால்வாய் என்றால்

4-ஆம் படிக்குப் பதிலாக இது. நான்கு சுவரும் சூடாகும் கால்வாய்க்கு:

| நீளப் பக்கம் : குட்டைப் பக்கம் | நிலையான வெப்பநிலை | நிலையான பாய்வு |
|---|---|---|
| 1 | 2.98 | 3.61 |
| 2 | 3.39 | 4.12 |
| 4 | 4.44 | 5.33 |
| 8 | 5.60 | 6.49 |
| இணைத்தட்டு | 7.54 | 8.23 |

சதுரம் வட்டத்தைவிடக் குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். மூலைகளில் திரவம் ஏறக்குறைய தேங்கி நிற்பதால் அங்குள்ள சுவர்ப் பரப்பு வேலை செய்வதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, "நிலையான பாய்வு" என்ற நெடுவரிசைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஓட்டத் திசையில் பாய்வு மாறாமலும், ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் சுவரைச் சுற்றி வெப்பநிலை ஒரே அளவாகவும் இருக்கும் என்பதே அது. தடித்த செம்பு, அலுமினியச் சுவர்களுக்கு அது பொருந்தும். வெப்பம் கடத்தாத மெல்லிய பிளாஸ்டிக் சுவரில் மூலைகள் தனியே சூடேறும். அப்போது சதுரத்தின் எண் 3.61 அல்ல, 3.09.

இரண்டாவது, ஒரே அகலச் சுவர் மட்டும் சூடாகும் நிலை. மின்னணுப் பலகையின் அடியில் வைக்கும் குளிர்தட்டில் இதுதான் நடக்கும். 2 மி.மீ. உயரம், 16 மி.மீ. அகலம் என்று வைத்தால் ஹைட்ராலிக் விட்டம் 3.56 மி.மீ., விகிதம் 8. கை தானாக 6.49-க்குப் போகும். ஆனால் அது நான்கு சுவரும் சூடானால் வரும் எண். ஒரு பக்கம் மட்டும் சூடான இணைத்தட்டின் எண்ணே 5.39தான், பக்கச் சுவர்கள் உள்ள கால்வாயில் அதற்கும் குறைவாகவே கிடைக்கும். 6.49 என்று போட்டால் பலகை நீங்கள் சொன்னதைவிடச் சூடாக ஓடும். குளிர்விக்கும் வேலையில் பிழை இந்தப் பக்கம் சாய்வது ஆபத்து.

## 6. நேரக் கணக்கு: வெப்பத்துக்கு நடுவரை போக அவகாசம் இருக்கிறதா?

என்னை அதிகம் அலைக்கழித்த படி இது. விட்டமும் சரி, நசெல்ட் எண்ணும் சரி என்ற பிறகும் விடை 78.9-இல் நின்றது. அளந்ததோ 81-க்கு மேல்.

4, 5-ஆம் படிகளின் எண்கள் எல்லாம் முழுதாக வளர்ந்த ஓட்டத்துக்கானவை. அதாவது, சூடு சுவரிலிருந்து இடைவெளியின் மறுபக்கம்வரை பரவி முடித்த பிறகு உள்ள நிலை. என் குழாயில் எண்ணெய் ஒரு மீட்டரைக் கடக்க எடுப்பது ஏழரை விநாடி. எண்ணெயில் வெப்பம் 2.5 மி.மீ. இடைவெளியை ஊடுருவ எவ்வளவு ஆகும்? இடைவெளியின் வர்க்கத்தை வெப்பப் பரவுதிறனால் வகுத்தால் சுமார் 80 விநாடி. வெப்பம் பாதி வழிகூடப் போகாத நிலையில் எண்ணெய் வெளியேறிவிடுகிறது. சூடான படலம் சுவரை ஒட்டி மெல்லியதாகவே இருக்கிறது. மெல்லிய படலம் என்றால் செங்குத்தான வெப்பநிலைச் சரிவு, அதனால் அதிக வெப்பப் பரிமாற்றம்.

இதைச் சரிபார்க்க இரண்டு நீளங்கள் போதும்:

```
வேகம் வளரும் நீளம்   = 0.05 Re Dh      = 0.004 m
வெப்பம் வளரும் நீளம்  = 0.05 Re Pr Dh   = 2.2 m
```

வேகம் நாலு மி.மீ.யிலேயே நிலைபெற்றுவிடுகிறது. வெப்பத்துக்கு 2.2 மீட்டர் வேண்டும். என்னிடம் இருப்பதோ ஒரு மீட்டர். நான் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, ஓட்டம் வளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்தேன். எண்ணெய்க்கு இந்த இரண்டு நீளங்களும் பிராண்டல் எண் மடங்கு வேறுபடும், இங்கே 546 மடங்கு. காற்றில் அந்த எண் 0.7 என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எனவே காற்றில் பழகிய கை எண்ணெயில் தவறுவது எளிது.

வளையத்தில் உள்சுவர் சூடாகும்போது, நுழைவுப் பகுதியையும் சேர்த்த சராசரி நசெல்ட் எண்ணுக்கு இந்தச் சமன்பாட்டைப் போடுங்கள்:

```
Gz = Re Pr Dh / L
f  = 1 + 0.14 (Di/Do)^(-0.5)
Nu_m = Nu + f * 0.19 Gz^0.8 / (1 + 0.117 Gz^0.467)
```

எனக்கு Gz 43.4, f 1.16. கூடுதல் உறுப்பு 2.67 வருகிறது. ஆக 5.09 என்பது 7.76 ஆகிறது, ஒன்றரை மடங்கு.

அகலமான, தட்டையான செவ்வகத்தில் இரண்டு அகலச் சுவரும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இணைத்தட்டுச் சமன்பாடு உதவும்:

```
Nu_m = 7.54 + 0.03 Gz / (1 + 0.016 Gz^(2/3))
```

சதுரத்துக்கு நெருங்கிய கால்வாயில் இதைப் போடாதீர்கள், மூலைகள் கெடுத்துவிடும்.

## 7. வெப்பநிலையும் செலவும்

நசெல்ட் எண்ணைக் கடத்துதிறனால் பெருக்கி, ஹைட்ராலிக் விட்டத்தால் வகுத்தால் வெப்பப் பரிமாற்றக் கெழு. 7.76-க்கு அது 214. சூடான பரப்பு உள்சுவர் மட்டும், 0.0628 ச.மீ.

```
NTU = h A / (m cp) = 214 * 0.0628 / 42.4 = 0.317
உயர்வு = (100 - 74) * (1 - exp(-0.317)) = 7.1
```

வெளியேற்றம் 81.1 டிகிரி. சராசரி 77.5, பண்புகளை எடுத்த 350 கெல்வினுக்கு மிக அருகில். தள்ளி வந்திருந்தால் புதிய சராசரியில் பண்புகளை எடுத்து இன்னொரு சுற்றுப் போட வேண்டியிருக்கும்.

என் தவறுகளின் விலையைக் குழாய் நீளத்தில் பார்த்தால் சட்டென்று புரியும். இதே 7.1 டிகிரி உயர்வுக்கு, நுழைவுப் பகுதியை மறந்த கணக்கு 1.5 மீட்டர் குழாய் கேட்கிறது. வட்டக் குழாயின் 3.66 கேட்பது 2.1 மீட்டர். விட்டத்தைத் தவறாகப் போட்ட கணக்கோ 3.4 மீட்டர். வேண்டியது ஒரே மீட்டர். உலோகம், காப்பு, பம்பின் அழுத்தம் எல்லாம் அந்த விகிதத்திலேயே ஏறும்.

## 8. அளந்ததோடு ஒப்பிடும்போது

கணக்கு 81.1, வெப்பமானி 81-க்கும் 82-க்கும் நடுவில். மிச்சமிருக்கும் சிறு இடைவெளிக்குக் காரணம் பாகுநிலை. 100 டிகிரிச் சுவரை ஒட்டிய எண்ணெயின் பாகுநிலை, நடுவில் ஓடும் எண்ணெயினுடையதில் ஏறக்குறைய பாதி. சுவரருகே ஓட்டம் இளகி வேகமெடுப்பதால் வெப்பம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இரண்டு பாகுநிலைகளின் விகிதத்தை 0.14 அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கும் வழக்கமான திருத்தம் இங்கே நசெல்ட் எண்ணைப் பத்து சதவீதம்போல ஏற்றுகிறது, விடை 81.7 ஆகிறது. எண்ணெயைச் சூடாக்காமல் குளிர்வித்தால் திருத்தம் எதிர்ப்பக்கம் போகும். சுவரருகே எண்ணெய் கெட்டியாகி நசெல்ட் எண் குறையும்.

அளந்தது கணக்கைவிடப் பெருமளவு அதிகமாக இருந்தால் இயற்கை வெப்பச்சலனத்தைச் சந்தேகியுங்கள். கிராஷாஃப் எண்ணை ரெய்னால்ட்ஸ் எண்ணின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். எனக்கு அது 0.05, கவலை இல்லை. அதே எண்ணெயை அதே ஓட்டத்தில் 40 மி.மீ. வெளிக்குழாயில் விட்டால் இந்த எண் 5-ஐத் தாண்டும். சூடான எண்ணெய் மேலே எழுந்து சுழலத் தொடங்கும். மேலே உள்ள எந்த அட்டவணையும் அப்போது பொருந்தாது.

அளந்தது குறைவாக இருந்தால் முதலில் குழாய் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். 2.5 மி.மீ. இடைவெளியில் உள்குழாய் ஒரு மி.மீ. இறங்கினால் மேலே 3.5, கீழே 1.5. எண்ணெய் அகன்ற பக்கமாகவே ஓடிவிடும், குறுகிய பக்கத்துச் சுவர் பெரும்பாலும் வீணாகும். அட்டவணைகள் எல்லாம் இரண்டு குழாய்க்கும் ஒரே மையம் என்று எடுத்துக்கொண்டவை. நான் இரு முனைகளோடு நடுவிலும் ஒரு தாங்கி வைத்தேன். அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன அளவீடு ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே மாதிரி வந்தது.